டூல் ஏன் கத்துகிறது: கிளியரன்ஸ் கெட்ட டூலைக் கண்டுபிடித்துத் திரும்பத் தீட்டும் முறை

கடலூர் முதுநகர்ப் பக்கம் லேத் பட்டறை வைத்திருப்பவர்களுக்கு பம்ப் ஷாஃப்ட் வேலை ஓயாமல் வரும். நெல்லிக்குப்பம், பண்ருட்டி பக்கத்துத் தோட்டங்களில் ஓடும் மோட்டாரில் பேரிங் உட்காரும் இடம் தேய்ந்துபோய், புது ஷாஃப்ட் கடைந்து கொடுக்கச் சொல்வார்கள். சில சமயம் கடையும்போது டூல் அதிர்ந்து கத்தும், ஷாஃப்ட்டில் அலை அலையாக வரி விழும். இதைத்தான் சாட்டர் என்போம். அது பார்க்க அசிங்கமாக இருப்பதோடு போகாது. 6206 பேரிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். உள்விட்டம் 30 மி.மீ. ஷாஃப்ட்டை 30.01 வரும்படி கடைய வேண்டும். மைக்ரோமீட்டர் வைத்தால் அது அலையின் மேட்டைத்தான் தொடும், பள்ளத்தைத் தொடாது. அளவு சரியாகத்தான் காட்டும். பேரிங்கை அடித்து ஏற்றும்போது மேடுகள் நசுங்கிவிடும், இறுக்கம் போய்விடும். கொஞ்ச நாளில் பேரிங்கின் உள்வளையம் ஷாஃப்ட்டின் மேலேயே சுற்றத் தொடங்கும். அதனால் சாட்டர் விழுந்த இடத்தை எமரி தாள் போட்டுப் பளபளப்பாக்கிக் கொடுப்பது வாடிக்கையாளரை ஏமாற்றுவதுதான்.

எங்கள் பட்டறையில் ஐ.டி.ஐ. முடித்துவிட்டு அப்ரென்டிஸாக இருக்கும் தம்பிக்கு இந்தத் தொல்லை வந்தது. 32 மி.மீ. இ.என்.8 ராடு, டெயில்ஸ்டாக் பக்கம் ரிவால்விங் சென்டர் கொடுத்திருந்தான், டூல் 12 மி.மீ. சதுர ஹெச்.எஸ்.எஸ். பிட். ரஃப் கட் ஓரளவு ஓடியது. ஃபினிஷ் கட்டுக்கு வந்ததும் கத்தத் தொடங்கிவிட்டது. "அண்ணே, ஸ்பீடைக் குறைச்சுப் பாத்துட்டேன், டெப்த்தையும் குறைச்சுட்டேன். குறைக்கக் குறைக்க இன்னும் மோசமாத்தான் ஆகுது" என்றான். டெப்த்தைக் குறைத்தால் மோசமாகிறது என்று அவன் சொன்னதிலேயே பாதி விடை இருந்தது. அவனோடு சேர்ந்து அதைத் தேடிய வரிசையிலேயே கீழே எழுதுகிறேன். ஹெச்.எஸ்.எஸ். டூலில் ஸ்டீல் கடைபவர்களுக்கு இது அப்படியே பொருந்தும்.

முதலில் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பிரித்துவிடுங்கள்

டூலைக் கழற்றுவதற்கு முன் ஒரு சின்னச் சோதனை. லேத்தில் வரி விழ இரண்டு வகைக் காரணம் உண்டு. கியர் பல் உடைந்திருப்பது, பேரிங் தேய்ந்திருப்பது, பெல்ட்டில் முடிச்சு இருப்பது ஒரு வகை. இவை ஸ்பிண்டிலோடு சேர்ந்து சுற்றுபவை. ஸ்பீடை மாற்றினால் சத்தத்தின் சுருதியும் மாறும், ஆனால் ஒரு சுற்றுக்கு விழும் வரிகளின் எண்ணிக்கை மாறாது. உண்மையான சாட்டர் வேறு வகை. டூலும் டூல் போஸ்ட்டும் ஷாஃப்ட்டும் சேர்ந்து தன் போக்கில் அதிர்கின்றன. அந்த அதிர்வுக்கென்று ஒரு சுருதி இருக்கிறது, ஸ்பீடை மாற்றினாலும் அது ஏறக்குறைய அப்படியே நிற்கும். மாறுவது வரிகளின் இடைவெளிதான்.

தம்பி 300 ஆர்.பி.எம்.மில் ஓட்டியிருந்தான். 32 மி.மீ. விட்டத்துக்குச் சுற்றளவு சுமார் 100 மி.மீ. ஸ்கேலை வைத்துப் பார்த்தபோது வரிக்கு வரி ஏறத்தாழ 2 மி.மீ., அதாவது ஒரு சுற்றுக்கு 50 வரி. விநாடிக்கு 5 சுற்று என்பதால் விநாடிக்குச் சுமார் 250 அதிர்வு. ஸ்பீடை 150க்கு இறக்கி, பக்கத்தில் கொஞ்ச நீளம் கடையச் சொன்னேன். வரி கிட்டத்தட்ட 1 மி.மீ.க்கு நெருங்கிவிட்டது, சத்தம் அதே சுருதி. கணக்குப் போட்டால் மறுபடியும் 250 பக்கம்தான் வருகிறது. சரி, கியர் பாக்ஸைத் திறக்க வேண்டியதில்லை.

அப்புறம் வழக்கமான நான்கு இடங்களைக் கையால் பார்த்துவிடுங்கள். டெயில்ஸ்டாக் குவில் அதிகம் வெளியே நீண்டு நிற்கிறதா, சென்டர் சரியாக அழுந்தியிருக்கிறதா, கிராஸ் ஸ்லைடிலும் காம்பவுண்டிலும் ஜிப் தளர்ந்திருக்கிறதா, டூல் போஸ்ட்டிலிருந்து டூல் எவ்வளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. கடைசியாகச் சொன்னதுதான் அதிகம் கெடுக்கும். டூல் வளைவது வெளியே நீட்டியிருக்கும் நீளத்தின் மும்மடிப் பெருக்கத்தில் கூடுகிறது. நீளத்தை இரண்டு மடங்காக்கினால் வளைவு எட்டு மடங்கு. 12 மி.மீ. பிட் 18 முதல் 20 மி.மீ.க்கு மேல் வெளியே வரக் கூடாது. தம்பி இதையெல்லாம் சரியாகத்தான் வைத்திருந்தான். ஆகவே மிச்சம் இருந்தது டூல் மட்டும்.

டூலைக் கழற்றிப் பாருங்கள்

"டூலைக் கழட்டிக் கொண்டா தம்பி. எங்க கிரைண்ட் பண்ண?" என்று கேட்டேன். "கிளியரன்ஸ் எல்லாம் இருக்குண்ணே, கண்ணாலேயே தெரியுது பாருங்க" என்று கையில் கொடுத்தான். ஒரு முழம் தள்ளிப் பிடித்துப் பார்த்தால் அவன் சொன்னது சரிதான். கிளியரன்ஸ் என்பது டூல் ஷாஃப்ட்டில் உரசாமல் இருக்க வெட்டு விளிம்புக்குக் கீழே உள்நோக்கிக் கொடுக்கும் சரிவு. டூலின் பக்கம் கீழ்நோக்கி உள்ளே சரிந்துதான் இருந்தது. ஆனால் அந்தத் தூரத்திலிருந்து தெரிவது டூலின் அடிப்பகுதியின் சரிவு. ஷாஃப்ட்டில் உரசுவதோ வெட்டு விளிம்புக்குக் கீழே இருக்கும் முதல் அரை மி.மீ.தான்.

அதைப் பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. டூலின் முன்பக்கத்திலும் பக்கவாட்டிலும் கறுப்பு மார்க்கர் பேனாவால் மை தடவுங்கள். காய்ந்ததும் டூலை மாட்டி, ஃபினிஷ் கட் ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்குப் போடுங்கள். கழற்றி, வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். நல்ல டூலாக இருந்தால் மை விளிம்பு வரை அப்படியே இருக்கும், விளிம்பை ஒட்டி மயிரிழை போல ஒரு கோடு மட்டும் தேய்ந்திருக்கலாம். தம்பியின் டூலில் முனைக்குக் கீழே பிறை வடிவத்தில், ஏறக்குறைய முக்கால் மி.மீ. உயரத்துக்கு மை முழுதாகப் போய்ப் பளபளவென்று மின்னியது. அந்த இடம் ஷாஃப்ட்டை வெட்டவில்லை, தேய்த்துக்கொண்டிருந்தது.

கோணத்தை அளக்க வேண்டுமென்றால் சமதளமான தட்டில் டூலை வைத்து, பக்கத்தில் ட்ரை ஸ்குயரை விளிம்பைத் தொடும்படி நிறுத்துங்கள். பின்னால் வெளிச்சம் இருக்கட்டும். 12 மி.மீ. உயர டூலில் 8 டிகிரி கிளியரன்ஸ் இருந்தால் அடியில் சுமார் 1.7 மி.மீ. இடைவெளி தெரியும். அடியில் எவ்வளவு இடைவெளி என்பதைவிட, வெளிச்சம் எந்த இடத்தில் தொடங்குகிறது என்பதுதான் முக்கியம். விளிம்பிலிருந்தே தொடங்க வேண்டும். தம்பியின் டூலில் அடியில் 2 மி.மீ.க்கு மேல் இடைவெளி இருந்தது. ஆனால் மேலே முக்கால் மி.மீ. வரை ஸ்குயரோடு ஒட்டிக்கொண்டு நின்றது, வெளிச்சமே வரவில்லை.

அந்தப் பட்டை எப்படி வந்தது? டூல் மழுங்கும்போதெல்லாம் அவன் வீலில் விளிம்பை மட்டும் லேசாகத் தொட்டு எடுத்திருக்கிறான். முழுப் பக்கத்தையும் தீட்டினால் நேரமாகும், பிட்டும் வீணாகும் என்று நினைத்திருக்கிறான். ஒவ்வொரு தடவை தொடும்போதும் டூலை வீலில் கொஞ்சம் நிமிர்த்திப் பிடித்தால்தான் விளிம்பு படும். அப்படி நிமிர்த்த நிமிர்த்த விளிம்புக்குக் கீழே ஒரு செங்குத்துப் பட்டை உண்டாகிவிடும். ஒவ்வொரு முறை தீட்டியதும் டூல் கூராகத் தெரியும், கையில் வைத்தால் கீறும். கிளியரன்ஸ் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருக்கும்.

கிளியரன்ஸ் இல்லாவிட்டால் ஏன் கத்துகிறது

கனமான மேசையைத் தரையில் மெதுவாகத் தள்ளிப் பாருங்கள். ஒட்டி நின்று, அழுத்தம் சேர்ந்ததும் ஒரு துள்ளு துள்ளி, மறுபடி ஒட்டிக்கொள்ளும். கடகடவென்ற சத்தம் அதனால்தான். கிளியரன்ஸ் இல்லாத டூலும் இதையே செய்கிறது. வெட்டு விளிம்பு உலோகத்துக்குள் இறங்க முடியாமல் அந்தப் பட்டை தடுக்கிறது. டூல் மேலேயே ஏறி நழுவுகிறது, ஷாஃப்ட்டும் டூல் போஸ்ட்டும் பின்னால் வளைகின்றன. அழுத்தம் போதுமான அளவு சேர்ந்ததும் டூல் சட்டென்று உள்ளே இறங்குகிறது, உடனே பின்வாங்குகிறது. இப்படி ஒரு தடவை அலை விழுந்துவிட்டால், அடுத்த சுற்றில் டூல் அந்த அலையின் மேல்தான் வெட்ட வேண்டும். மேடு வரும்போது அதிகம் வெட்டுகிறது, பள்ளம் வரும்போது குறைவாக வெட்டுகிறது. அந்த ஏற்ற இறக்கமே அடுத்த அதிர்வுக்குத் தீனி. அதனால்தான் சாட்டர் தொடங்கிவிட்டால் தானாக நிற்பதில்லை.

டெப்த்தைக் குறைத்தபோது மோசமானதும் இதனால்தான். 0.3 மி.மீ. ஆழத்தில் டூலை உள்ளே இறக்க வேண்டிய விசை கிடைத்துவிடுகிறது, எப்படியோ வெட்டிக்கொண்டு போகிறது. 0.05 மி.மீ.க்கு இறக்கினால் பெரும்பாலும் தேய்ப்புதான், வெட்டு கொஞ்சம்தான். ரஃப் கட்டில் ஒளிந்திருந்த குறை ஃபினிஷ் கட்டில் வெளியே வரும்.

டூலின் முனையிலும் ஒரு கோளாறு இருந்தது. நோஸ் ரேடியஸை அவன் சுமார் 3 மி.மீ.க்கு உருட்டி வைத்திருந்தான். "முனை பெருசா இருந்தா ஃபினிஷ் நல்லா வரும்னு ஐ.டி.ஐ.ல சொல்லிக் கொடுத்தாங்கண்ணே." சொன்னது பொய்யில்லை. ஒரு சுற்றுக்கு டூல் நகரும் தூரம்தான் ஃபீட். ஃபீடின் வர்க்கத்தை ரேடியஸின் எட்டு மடங்கால் வகுத்தால், அந்த நகர்வால் விழும் வரிகளின் உயரம் வரும். 0.1 மி.மீ. ஃபீடில் 0.5 ரேடியஸுக்கு 0.0025 மி.மீ., 3 ரேடியஸுக்கு வெறும் 0.0004 மி.மீ. காகிதத்தில் பெரிய முனை ஆறு மடங்கு மேல். ஆனால் அந்தக் கணக்கு டூல் கொஞ்சமும் அசையாது என்று வைத்துக்கொண்டு போட்டது. 0.2 மி.மீ. ஆழத்தில் 3 மி.மீ. முனை வைத்தால் வெட்டு முழுவதும் அந்த வளைவின் நுனியிலேயே நடக்கும், அங்கே விளிம்பு ஷாஃப்ட்டுக்கு ஏறக்குறைய இணையாக இருக்கும். விசையின் பெரும்பங்கு ஷாஃப்ட்டை நேராகப் பின்னால் தள்ளும், லேத் எளிதில் விட்டுக்கொடுக்கும் திசை அதுதான். சீவலும் சின்ன முனையில் வருவதில் பாதித் தடிமன்கூட இருக்காது, அதனால் தேய்ப்பு இன்னும் கூடும். அறுபது எழுபது மி.மீ. தடிமனான ஷாஃப்ட்டும் கனமான லேத்தும் இருந்தால் பெரிய முனை நன்றாகவே வேலை செய்யும். 32 மி.மீ. ராடுக்கு அது ஒத்துவராது.

புதிதாகத் தீட்டும் முறை

முதலில் கிரைண்டரைச் சரிசெய்யுங்கள். வீலின் முகத்தில் பள்ளம் விழுந்திருந்தாலோ கண்ணாடி போல வழவழத்திருந்தாலோ டிரெஸ்ஸர் போட்டுச் சமமாக்குங்கள். வழவழத்த வீல் வெட்டாமல் சூடாக்கும், சூட்டுக்குப் பயந்து கை ஆடும், கை ஆடினால் கோணம் போய்விடும். டூல் ரெஸ்ட்டுக்கும் வீலுக்கும் இடைவெளி 3 மி.மீ.க்கு மேல் வேண்டாம், டூல் உள்ளே இழுத்துக்கொண்டால் வீலே உடையும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், கையுறை வேண்டாம். ஹெச்.எஸ்.எஸ்.ஸுக்குச் சாம்பல் அல்லது வெள்ளை வீல், பச்சை வீல் கார்பைடுக்கு.

தீட்ட வேண்டிய பக்கம் முழுவதும் மார்க்கர் மை தடவுங்கள். டூலின் அடிப்பகுதி முதலில் வீலைத் தொடும்படி சாய்த்துப் பிடித்து, பக்கவாட்டுக் கிளியரன்ஸிலிருந்து தொடங்குங்கள். அடியிலிருந்து மை அழிந்துகொண்டே மேலே வரும். வீலில் டூலை இட வலமாக நகர்த்திக்கொண்டே இருங்கள், ஆனால் சாய்வை மாற்றாதீர்கள். பொறி இதுவரை டூலுக்குக் கீழேதான் போய்க்கொண்டிருக்கும். தீட்டு விளிம்பை எட்டிய நொடியில் பொறி டூலின் மேல்முகத்தைத் தாண்டிப் பறக்கத் தொடங்கும். விளிம்பின் முழு நீளத்திலும் அப்படிப் பறந்தால் போதும், நிறுத்திவிடுங்கள். தம்பிக்கு இந்த அடையாளத்தைக் காட்டிய பிறகு அவன் கை நடுக்கம் பாதி குறைந்துவிட்டது. எப்போது நிறுத்துவது என்று தெரியாமல்தான் அவன் அடிக்கடி எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒவ்வொரு தடவை திரும்ப வைக்கும்போதும் புதுக் கோணம் வந்துவிடும்.

இ.என்.8க்குப் பக்கக் கிளியரன்ஸும் முன்பக்கக் கிளியரன்ஸும் 8 டிகிரி. அதிகம் இருந்தால் நல்லது என்று 15க்குக் கொண்டுபோகாதீர்கள். விளிம்புக்குக் கீழே தாங்க உலோகம் இல்லாமல் அது உடையும், டூல் தானாக உள்ளே இழுத்துக்கொள்ளும், அதுவும் ஒரு சாட்டர்தான். முன்விளிம்பு ஷாஃப்ட்டிலிருந்து 10, 12 டிகிரி விலகி நிற்கட்டும், முனை மட்டும் தொட்டால் போதும். மேல்முகத்தில் பக்கவாட்டு ரேக் 12 டிகிரி அளவுக்குக் கொடுங்கள். இதைத் தீட்டும்போது விளிம்பைத் தாண்டி முனையைக் கீழே இறக்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

டூலைத் தண்ணீரில் அடிக்கடி தோயுங்கள், கையால் பிடிக்க முடிகிற சூட்டிலேயே. ஹெச்.எஸ்.எஸ். நீலம் பாய்ந்தால் உடனே மெதுவாகிவிடாது, கார்பன் ஸ்டீலைவிட எவ்வளவோ சூடு தாங்கும். ஆனால் கொதிக்கும் டூலைச் சட்டென்று தண்ணீரில் போட்டால் விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விழும், பிறகு விளிம்பு பொடிப்பொடியாக உதிரும்.

கடைசியில் ஆயில் ஸ்டோன். வீல் வட்டமானது என்பதால் தீட்டிய முகம் லேசாக உள்குழிந்திருக்கும். அது நமக்கு வசதி. கல்லை அந்த முகத்தில் படுக்கவைத்தால் அது அடியிலும் மேலேயும் மட்டும் தொடும், கோணம் தானாக நிற்கும். அப்படியே மேலும் கீழும் சில இழுப்பு. விளிம்பு ஓரம் மயிரிழைப் பளபளப்பு வந்தால் போதும், கல்லை மேலே சாய்த்துவிட்டால் பழைய பட்டை திரும்ப வந்துவிடும். முனைக்கு வீல் வேண்டாம். கல்லாலேயே, முன்பக்கச் சாய்வை விடாமல், 0.5 மி.மீ. அளவுக்கு உருட்டுங்கள்.

மாட்டுவதில் கிளியரன்ஸை இழக்காதீர்கள்

எட்டு டிகிரியைக் கஷ்டப்பட்டுத் தீட்டிவிட்டு, டூலை சென்டருக்கு மேலே மாட்டினால் அதில் பாதி போய்விடும். 30 மி.மீ. விட்டத்தில் முனை 1 மி.மீ. உயர்ந்திருந்தால் ஏறக்குறைய 4 டிகிரி கிளியரன்ஸ் காலி. சோதிக்க, மெல்லிய ஸ்டீல் ஸ்கேலை ஷாஃப்ட்டுக்கும் டூல் முனைக்கும் நடுவே நிறுத்தி, முனையால் மெதுவாக அழுத்துங்கள். ஸ்பிண்டில் நின்றிருக்க வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை. ஸ்கேல் செங்குத்தாக நின்றால் உயரம் சரி. ஸ்கேலின் மேல்முனை உங்களை விட்டு அந்தப் பக்கம் சாய்ந்தால் டூல் உயரம், உங்கள் பக்கம் சாய்ந்தால் தாழ்வு. அடியில் தகடு வைத்துச் சரிசெய்யுங்கள். தகடு டூலின் நீளத்துக்கு முழுதாக இருக்கட்டும், முன்னால் மட்டும் துண்டாக வைத்தால் டூல் ஊசலாடும்.

பழைய அலையை முழுதாக எடுங்கள்

புது டூலை மாட்டியதும் தம்பி 0.05 மி.மீ. மட்டும் எடுக்கப் போனான். அப்படி எடுத்தால் பழைய அலையின் மேட்டை மட்டும்தான் டூல் தட்டித் தட்டிப் போகும், மறுபடி கத்தும். அலையின் பள்ளத்துக்குக் கீழே இறங்கி ஒரே கட்டில் எடுத்துவிட வேண்டும். 31.2 மி.மீ.யில் நின்றிருந்த ஷாஃப்ட்டை ஆழம் 0.35 வைத்து 30.5க்குக் கொண்டுவந்தோம். ஹெச்.எஸ்.எஸ்.ஸில் இ.என்.8க்கு நிமிடத்துக்கு 25 மீட்டர் வைத்தால் 30 மி.மீ. விட்டத்துக்குச் சுமார் 265 ஆர்.பி.எம். வரும். லேத்தில் அதற்கு அடுத்த குறைந்த ஸ்பீடைப் போட்டோம், ஃபீட் சுற்றுக்கு 0.1, பிரஷ்ஷால் கட்டிங் ஆயில்.

சத்தம் சீரான சீறலாக மாறியது. பொடியும் ஊசியுமாக வந்த சீவல் இப்போது சுருள் சுருளாக வந்தது. கடைசிக் கட்டையும் மெலிதாக வைக்காமல், விட்டத்தில் மிச்சமிருந்த 0.49 மி.மீ.யை ஒரே ஓட்டத்தில், அதாவது ஆழம் 0.245 வைத்து எடுத்தோம். முதல் சில மி.மீ. கடைந்ததும் நிறுத்தி மைக்ரோமீட்டரில் அளந்துகொண்டுதான் மீதியை ஓட்டினோம். ஷாஃப்ட்டை நகத்தால் வருடினால் வரி தட்டவில்லை. பேரிங் உட்காரும் இடத்தில் மூன்று இடத்தில் அளந்தோம், மூன்றிலும் 30.01. பேரிங்கை உள்வளையத்தில் குழாய் வைத்து ஏற்றியபோது கடைசி வரை ஒரே இறுக்கமாகப் போய் உட்கார்ந்தது.

அடுத்த முறை டூல் மழுங்கும்போது முதலில் ஆயில் ஸ்டோன் மட்டும் போடுங்கள், கல் மேலும் கீழும் ஒருசேரத் தொடும்வரை அதுவே போதும். குழிவு தேய்ந்து கல் முகம் முழுவதும் ஒட்டத் தொடங்கினால் வீலுக்குப் போக வேண்டிய நேரம். அப்போது விளிம்பை மட்டும் தொடாதீர்கள். மை தடவி, அடியிலிருந்து தொடங்கி, பொறி மேல்முகத்தைத் தாண்டும்வரை முழு முகத்தையும் எடுங்கள்.